ரெண்டு பக்கமும் எழுதிட்டா எடை போட்டதா ஆயிடுமா? அறச்சிக்கல் விடைத்தாளைப் புதுசா திருத்த வர்றவங்களுக்கு

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் சாயங்காலப் படிப்பகங்கள்ல யூபிஎஸ்சி மெயின்ஸைத் தமிழ்லயே எழுதிப் பழகுற பசங்க இருக்காங்க, அவங்க எழுதுறதைத் திருத்தத்தான் ஆள் கம்மி. மத்த பேப்பரைக் கூட எப்படியாவது திருத்திடுவாங்க, ஆனா ஜிஎஸ் நாலாவது பேப்பர்னு வந்தா நல்லா படிச்சவங்களே தயங்குறாங்க. 2013ல இருந்து இருக்குற அறநெறி பேப்பர் அது, மொத்தம் 250 மார்க், 3 மணி நேரம். அதோட ரெண்டாவது பாதியில கேஸ் ஸ்டடி வரும், பொதுவா ஒண்ணுக்கு 20 மார்க், 250 வார்த்தைக்குள்ள எழுதணும். இதுல சரியான விடைன்னு ஒண்ணு கிடையாதே, அப்புறம் எதை வச்சு ஒருத்தருக்கு 6, இன்னொருத்தருக்கு 17 போடுறதுன்னு புதுசா வர்ற எல்லாரும் கேக்குறாங்க. நியாயமான கேள்வி. நிஜப் பரீட்சையில எதுக்கு எத்தனை மார்க்னு வெளிய சொல்றதில்ல, அதனால இங்க சொல்றது எங்க படிப்பகத்துல நாங்க வச்சிருக்குற முறை, அவ்வளவுதான்.

சும்மா பொதுவா பேசினா இது புரியாது, ஒரு கேள்வியையே எடுத்துக்குவோம். நாங்களே தயார் பண்ணின கேள்வி இது.

தண்டையார்பேட்டையில ஒரு கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்துல நீங்க நர்ஸ். 28 வயசு ஆள் ஒருத்தர், காசிமேடு பக்கம் ஒரு மெஸ்ல பரிமாறுற வேலை, சளி டெஸ்ட்ல டிபின்னு உறுதியாகி மாத்திரை ஆரம்பிச்சு 3 நாள் ஆகுது. மெஸ் மாடியில சின்ன ரூம், அவரோட சேர்ந்து இன்னும் 5 பேர் அதுலதான் படுக்குறாங்க. "ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் சிஸ்டர், ஊர்ல அம்மா என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு கேக்குறார், லீவும் போட முடியாதுன்னு சொல்லிட்டார். மறுநாள் ஓனரே வந்து "அந்தத் தம்பிக்கு என்ன சிஸ்டர், இருமிக்கிட்டே இருக்கானே"ன்னு கேக்குறார். என்ன செய்வீங்க, ஏன்?

கேள்வியோட அடியிலயே மருத்துவத் தகவலையும் கொடுத்துடுவோம், ஏன்னா இது பயாலஜி பரீட்சை இல்ல. டிபி காத்து வழியா பரவும், தட்டு டம்ளர் மூலமா இல்ல. ஒரே அடைச்ச ரூம்ல ரொம்ப நேரம் கூட இருக்குறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மாத்திரைக்குக் கட்டுப்படுற கிருமியா இருந்தா ஒழுங்கா மாத்திரை போட்டு ரெண்டு வாரம் போல ஆனா பொதுவா பரவுறது நல்லா குறைஞ்சிடும், ஆனா 6 மாசம் விடாம போடணும்.

இப்ப 20 மார்க்கை நாங்க எப்படிப் பிரிக்கிறோம்னா, எது எதோட மோதுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு 4, எடை போட்டதுக்கு 8, தோத்துப்போன பக்கத்துக்கு என்ன செஞ்சாங்கன்றதுக்கு 4, முடிவும் அந்த முடிவு எப்ப மாறும்னு சொன்னதுக்கும் 4. நடுவுல இருக்குற 8 மார்க்குல தான் திருத்துறவங்க எல்லாரும் தடுமாறுவாங்க, அதனால அதைத்தான் நிறைய பேசப்போறேன்.

முதல்ல மோதல். நிறைய பேர் முதல் பாராவுல ரகசியம், பொதுநலம், இரக்கம், நேர்மை, கடமை உணர்வுன்னு வரிசையா எழுதிடுவாங்க. பேரைச் சொல்றதும் மோதலைக் காட்டுறதும் ஒண்ணு இல்ல. மோதல்னா, குறிப்பா ஒரு காரியத்தைச் செஞ்சா ஒரு கொள்கை நிக்கும், இன்னொண்ணு உடையும்னு காட்டணும். இந்தக் கேள்வியில கவனமா படிச்சா மோதல் ரெண்டு இருக்கு. ஓனர்கிட்ட சொல்றதா வேண்டாமான்றது ஒண்ணு, ரூம்ல படுக்குற 5 பேருக்குச் சொல்றதா வேண்டாமான்றது வேற ஒண்ணு. கேள்வி கேட்டு நிக்கிறது ஓனர், ஆனா நிஜமா ஆபத்துல இருக்குறது அந்த 5 பேர், அவங்க கேக்கவே இல்ல, ஏன்னா அவங்களுக்குத் தெரியாது. இதைப் பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு நான் 4ஐயும் போட்டுடுவேன். "பொதுமக்களுக்கு ஆபத்து"ன்னு மொத்தமா சொல்லிட்டு சாப்பிட வர்ற கஸ்டமரையும் ரூம்மேட்டையும் ஒரே கூடையில போட்டவங்களுக்கு 2.

அடுத்தது எடை போடுறது. மூணு விடையைப் பார்ப்போம், மூணுமே எப்பவும் வர்ற மாதிரியான விடைதான். முதல் விடை இப்படிப் போகும்:

"ரகசியம் காப்பது மருத்துவ அறத்தின் அடிப்படை. அதே சமயம் பொதுநலனும் முக்கியமானது. காந்த் கடமையை வலியுறுத்துகிறார். மில் பெரும்பான்மையினரின் நன்மையை வலியுறுத்துகிறார். இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது பொதுநலனே மேலானது. எனவே உரிமையாளரிடம் தெரிவிப்பேன்."

படிக்க நல்லா இருக்கு, கையெழுத்தும் நல்லா இருந்தா 12 போடத் தோணும். போடாதீங்க. கடைசி ரெண்டு வரியை மட்டும் கையால மறைச்சுட்டு, அதுக்குப் பதிலா "ரகசியமே மேலானது, எனவே தெரிவிக்க மாட்டேன்"னு மனசுக்குள்ள எழுதிப் பாருங்க. மேல இருக்குற ஒரு வரி கூட எதிர்த்துப் பேசாது. முடிவைத் தலைகீழா மாத்தினாலும் அப்படியே பொருந்துதுன்னா, அந்த முடிவை அவரோட காரணங்கள் எதுவும் கொண்டு வரலன்னு அர்த்தம், முடிவு வேற எங்கேயோ இருந்து வந்திருக்கு. சீர்தூக்கிப் பார்த்தேன்னு சொல்லியிருக்கார், ஆனா தூக்கினது பேப்பர்ல இல்ல. புதுசா திருத்துறவங்களுக்கு நான் முதல்ல சொல்லிக்கொடுக்குற சோதனை இதுதான், இது ஒண்ணு கையில இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

இன்னொரு அடையாளமும் இருக்கு. ஒவ்வொரு காரண வரியையும் எடுத்து, இதை லஞ்சம் பத்தின கேள்விக்கோ வெள்ள நிவாரணக் கேள்விக்கோ தூக்கிட்டுப் போய் வைக்க முடியுமான்னு பாருங்க. "பொதுநலனும் முக்கியமானது"ன்றதை எங்க வேணா வைக்கலாம். அதுக்கு மார்க் இல்ல. காந்த், மில் பேரும் அப்படித்தான், பேர் சொன்னதுக்குத் தனியா மார்க் கிடையாது, அந்தச் சிந்தனை இந்த மாடி ரூமுக்குள்ள வந்து ஏதாவது வேலை செஞ்சா மட்டும்தான். குறளும் அப்படித்தான். "பொய்மையும் வாய்மையிடத்த"ன்ற 292வது குறளை முதல் வரியாப் போட்டுட்டு அப்படியே கடந்து போயிட்டா ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் குறள் ஒரு நிபந்தனை வைக்குது இல்லையா, குத்தமில்லாத நன்மை தர்றதா இருந்தா மட்டும்தான்னு, அந்த நிபந்தனை இங்க நிறைவேறுதா, ஓனர்கிட்ட "ஒண்ணுமில்ல சாதா இருமல்"னு பொய் சொன்னா அந்த 5 பேருக்குக் கெடுதல் வருமா வராதான்னு ஒருத்தர் யோசிச்சா, அது எடை போடுறது, தாராளமா மார்க் போடலாம்.

ரெண்டாவது விடையில ஒரு பகுதி:

"உரிமையாளரிடம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிவதால் மட்டும் அறையில் இருப்பவர்களின் ஆபத்து குறையாது. இவருடைய வேலைதான் போகும். வேலை போனால் ஊருக்குப் போவார், மாத்திரை பாதியில் நிற்கலாம், அப்போது இன்னும் பலருக்கு ஆபத்து. ஆனால் அறையில் தங்கும் ஐவருக்கும் இதே பதிலைச் சொல்ல முடியாது. அவர்கள் தினமும் இரவு முழுக்க அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள், தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. முதலில் அவரிடமே பேசி, அவர் சம்மதத்தோடு ஐவரையும் பரிசோதனைக்கு அழைப்பேன். சம்மதிக்காவிட்டால் பெயர் சொல்லாமல் அழைப்பேன். பெயர் சொல்லாவிட்டாலும் அவர்கள் ஊகிக்கக்கூடும் என்று தெரிந்தே இதைச் செய்கிறேன். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவேன்."

இதுல மறைச்சு மாத்திப் பாருங்க, முடியாது. "உரிமையாளரிடம் சொல்வேன்"னு மாத்தினா, சொன்னா மட்டும் ஆபத்து குறையாதுன்ற வரி உடனே இடிக்கும். எடை எங்கிருந்து வருதுன்னும் தெரியுது: கெடுதல் யாருக்கு, எவ்வளவு நெருக்கத்துல, அவங்களால தங்களைக் காப்பாத்திக்க முடியுமா, ரகசியத்தை உடைச்சா அந்தக் கெடுதல் நிஜமாவே குறையுமா. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், நிறைய பேர் இதைக் கேக்குறதே இல்ல. ஆபத்து பெருசா இருக்குன்றதாலயே ரகசியத்தை உடைக்கலாம்னு ஆயிடாது, உடைச்சா அந்த ஆபத்து குறையணும், அதுவும் உடைக்காமலே குறைக்க வழி இல்லன்னு காட்டணும். இந்த விடை அதைச் செஞ்சிருக்கு, ஒரே கொள்கைக்கு ஓனர் விஷயத்துல ஒரு எடை, ரூம்மேட் விஷயத்துல வேற எடைன்னு பிரிச்சும் காட்டியிருக்கு. நான் இந்தப் பகுதிக்கு 8க்கு 7 போடுவேன்.

மூணாவது விடை தான் திருத்துறவங்களை அதிகம் ஏமாத்துறது. நோயாளிக்கு ஆலோசனை கொடுப்பேன், ஓனருக்கு டிபி பத்தி விழிப்புணர்வு கொடுத்து வேலையை விட்டு எடுக்காம இருக்க ஒத்துக்க வைப்பேன், எல்லாருக்கும் மருத்துவ முகாம் நடத்துவேன், இதனால அனைவரும் பயனடைவர். நல்ல மனசு, நிர்வாக அறிவும் தெரியுது. ஆனா கேள்வியில அந்த ஆள் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் லீவு போட மாட்டேன்னும் சொல்லி கதவைச் சாத்தி வச்சிருக்கு, ஓனருக்கு விழிப்புணர்வு கொடுக்கப் போனாலே அவருக்கு விஷயம் தெரிஞ்சுபோயிடுமே. எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு எழுதிட்டா மோதலே இல்லாம போயிடும், மோதல் இல்லன்னா எடை போட எதுவும் இல்ல. மார்ஜின்ல "அவர் ஒத்துக்கலன்னா?"ன்னு எழுதுங்க. விடையில அதுக்குப் பதில் இருந்தா மார்க், இல்லன்னா இந்தப் பகுதிக்கு 2க்கு மேல வேண்டாம்.

அதுக்காக நடுவழின்னாலே வெட்டிடக் கூடாது. சில நடுவழி நிஜமாவே மோதலைச் சின்னதாக்கும். உதாரணத்துக்கு, நோயோட பேரைப் போடாம "ரெண்டு வாரம் ஓய்வு தேவை"ன்னு மட்டும் டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கித் தர்றது. பொய் இல்ல, ரகசியமும் உடையல, ரொம்ப பரவுற நாட்களும் ஓரளவு கழிஞ்சிடும். லீவு போட மாட்டேன்னவர் வேலைக்கு ஆபத்தில்லன்னா யோசிக்கலாம். ஆனா அந்த ரெண்டு வாரச் சம்பளம் யார் தருவா, அதுவரைக்கும் அவர் எங்க படுப்பார், அதே ரூம்லதானே? இந்த விலையை எழுதினவங்களுக்கும் எழுதாதவங்களுக்கும் வித்தியாசம் வச்சே ஆகணும்.

தோத்த பக்கத்துக்கு 4 மார்க்னு சொன்னேன். இதுக்குப் பின்னாடி ஒரு பழைய யோசனை இருக்கு. டபிள்யூ. டி. ராஸ்னு ஒரு தத்துவ அறிஞர் 1930ல எழுதினது: ரெண்டு கடமை மோதும்போது ஒண்ணு ஜெயிக்கும், ஆனா தோத்தது கடமையே இல்லன்னு ஆயிடாது. நண்பரைப் பார்க்க வர்றேன்னு வாக்கு கொடுத்துட்டு வழியில விபத்துல அடிபட்டவங்களுக்கு உதவ நின்னுட்டா அது சரிதான், ஆனா நண்பருக்கு நாம ஏதோ ஒண்ணு பாக்கி வச்சிருக்கோம். அந்தப் பாக்கியை விடையில தேடுங்க. ரெண்டாவது விடையில "முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவேன்"னு இருக்கு பாருங்க, ரகசியத்துல கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்துச்சு, அதனால அந்த ஆளுக்கு நேர்மையா இருக்க வேண்டிய கடன் ஏறுதுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. 4க்கு 4. முதல் விடையில ஓனர்கிட்ட சொன்னதுக்கு அப்புறம் அந்த நோயாளி பேப்பரை விட்டே காணாம போயிட்டார், அம்மாவும் காணோம். அதுக்கு பூஜ்யம்.

கடைசி 4 முடிவுக்கும் அது எப்ப மாறும்ன்றதுக்கும். முடிவு தெளிவா இருந்தா 2. எந்தத் தகவல் மாறினா நான் வேற முடிவு எடுப்பேன்னு சொன்னா மிச்சம் 2. இந்தக் கேள்வியில அதுக்கு இடம் திறந்தே இருக்கு, ரெண்டு வாரத்துல பரவுறது குறையும்ன்றது மாத்திரைக்குக் கட்டுப்படுற கிருமிக்குத்தான், கட்டுப்படாத வகைன்னு ரிசல்ட் வந்தா அந்தக் கணக்கே செல்லாது, அப்ப அந்த ரூமுக்கு அவரைத் திரும்ப அனுப்ப முடியாது, ரகசியத்தோட எடை இறங்கும். இதைத் தொட்டவர் தன்னோட எடை எதுமேல உக்காந்திருக்குன்னு தெரிஞ்சவர். நம்ம ரெண்டாவது விடை இதைத் தொடல, அதனால அங்க 2 தான். ஆக மொத்தம் 4, 7, 4, 2, கூட்டினா 17. முதல் விடைக்கு 2, 2, 0, 2, அதாவது 6. மூணாவதுக்கு 2, 2, 1, 1ன்னு அதுவும் 6 வரும், எழுதினவருக்குக் கோவம் வரும்.

"அக்கா, நான் ரெண்டு பக்கமும் எழுதியிருக்கேனே, ஏன் கம்மி பண்ணீங்க?"ன்னு தான் எல்லாரும் கேப்பாங்க. பக்கத்துல உக்கார வச்சு அந்த மறைச்சு மாத்துற சோதனையை அவங்க கையாலயே செய்ய வைங்க, வேற விளக்கம் தேவைப்படாது.

இதுவரைக்கும் சொன்னதுல எனக்குப் பிடிச்ச விடைக்கு மார்க் போட்ட மாதிரி தெரியலாம். அதனால நாலாவதா ஒண்ணு. ஒருத்தர் ஓனர்கிட்ட சொல்வேன்னே எழுதுறார், எனக்கு அந்த முடிவுல உடன்பாடு இல்ல. ஆனா அவர் சொல்ற காரணம்: அந்த ரூம் ஓனரோடது, நோயாளிக்குத் தனி இடம் ஒதுக்க அவர் ஒருத்தரால தான் முடியும், 5 பேரைச் சோதிச்சா மட்டும் போதாது, அன்னைக்கு ராத்திரியும் அவங்க அதே ரூம்லதான் படுப்பாங்க, அதனால ஓனருக்குத் தெரியாம ஆபத்து குறையாது. நோயாளிகிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன், வேலையை விட்டு எடுக்க மாட்டேன்னு ஓனர் வாய் வார்த்தையா சொன்னாலும் அது நிக்காம போகலாம்னு எனக்குத் தெரியும், அப்படிப் போனா வேற வேலை கிடைக்கிற வரைக்கும் மாத்திரை நிக்காம பார்த்துக்குறது என் பொறுப்புன்னு முடிக்கிறார். சொன்னா ஆபத்து குறையுமான்ற கேள்விக்கு அவர் நேரடியா பதில் சொல்லியிருக்கார், ரெண்டாவது விடை விட்ட ஒரு ஓட்டையையும் பிடிச்சிருக்கார். 3, 6, 4, 2. 15 மார்க். முடிவு பிடிக்கலன்னு இதுக்கு 9 போட்டீங்கன்னா நீங்க திருத்தினது எடையை இல்ல, உங்களுக்கு அவர் ஒத்துப்போறாரான்றதை.

இதைத் தடுக்க நாங்க பண்ற ஒரு சின்ன வேலை: பேப்பர் கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே திருத்துறவர் தன் சொந்த முடிவை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வச்சிடணும். எல்லாம் திருத்தின அப்புறம் தன்னோட ஒத்துப்போன பேப்பருக்கு சராசரி என்ன, ஒத்துப்போகாததுக்கு என்னன்னு பார்க்கணும். ரெண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தா, ஒத்துப்போகாத பேப்பர்ல இருந்து நாலஞ்சை எடுத்து நடுவுல இருக்குற 8 மார்க்கை மட்டும் திரும்பப் பாருங்க. அதோட ஒவ்வொரு பேப்பரையும் ரெண்டு பேர் தனித்தனியா பார்க்குறது நல்லது, முதல் ஆள் மார்க்கைப் பேப்பர் மேல எழுதாம தனியா குறிச்சுக்கணும், 3 மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்தா ரெண்டு பேரும் உக்காந்து எந்த வரிக்குன்னு பேசணும், நடுவுல வெட்டி சராசரி போடக் கூடாது.

தகவல் பிழை பத்தி ஒண்ணு. கேள்வியிலயே காத்து வழியாத்தான்னு கொடுத்திருந்தும் சிலர் "பரிமாறும் உணவின் மூலம் நூற்றுக்கணக்கானோருக்குப் பரவும்"னு எழுதி அதுமேலயே மொத்த விடையையும் கட்டிடுவாங்க. எடைக்கான 8ல இதுக்கு நல்லா குறைங்க, ஏன்னா இல்லாத கெடுதலை வச்சு எடை போட்டிருக்காங்க. ஆனா அதே பிழைக்கு நாலு இடத்துலயும் குறைக்காதீங்க, தோத்த பக்கத்தை அவர் ஒழுங்கா கவனிச்சிருந்தா அந்த 4 அவருக்குச் சேர வேண்டியதுதான்.

மார்ஜின்ல "நன்று", "இன்னும் ஆழமாக" எல்லாம் எழுதி பிரயோஜனம் இல்ல, அதைப் படிச்சு யாராலயும் அடுத்த விடையை மாத்த முடியாது. விடை எந்த இடத்துல நின்னுபோச்சோ அங்க அந்தக் கேஸ்ல இருந்தே ஒரு கேள்வி எழுதுங்க. முதல் விடைக்காரருக்கு நான் எழுதுறது: "ஓனருக்குத் தெரிஞ்சா அந்த 5 பேர்ல யாருக்கு, எப்படி ஆபத்து குறையும்? இதுக்கு 4 வரி எழுதிட்டு வாங்க, அப்புறம் முடிவைத் திரும்பப் பார்ப்போம்."